சிறந்த பதில், மோசமான பதில்: ஆட்சேர்ப்புச் சூழ்நிலைக் கேள்விகளுக்கு மதிப்பெண் போடும் முறை

சூழ்நிலைக் கேள்வி என்றால் என்ன? நேர்காணலில் நாங்கள் ஏற்கெனவே கேட்பதுதானே?

நேர்காணலில் நீங்கள் ஒரு சூழ்நிலையைச் சொல்கிறீர்கள், வந்தவர் தன் சொந்த வார்த்தையில் பதில் சொல்கிறார், நீங்கள் எடைபோடுகிறீர்கள். இங்கே சூழ்நிலை எழுத்தில் இருக்கும். அதன் கீழே நான்கைந்து செயல்கள் இருக்கும். விண்ணப்பதாரர் அவற்றில் மிகச் சிறந்தது ஒன்றையும் மிக மோசமானது ஒன்றையும் குறிக்க வேண்டும். மதிப்பெண் முன்பே தீர்மானித்த விடைக்குறிப்பின்படி விழும். அதனால் பேச்சுத் திறமையோ, அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனநிலையோ கணக்கில் நுழைவதில்லை. இப்படி எழுத்தில் சூழ்நிலை கொடுத்து ஆள் எடுக்கும் பழக்கம் பழையதுதான். மோட்டோவிட்லோவும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அது ஆட்சேர்ப்பில் பெரிதும் பரவியது.

ஒரு கேள்வியை முழுதாகக் காட்டுங்கள்.

வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசிப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

பழுதுபார்ப்பவர் வருவதாகச் சொல்லி இரண்டாவது முறையும் வரவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் கோபமாக அழைக்கிறார். அட்டவணையில் அடுத்த காலி நேரம் 4 நாட்கள் கழித்துத்தான். அட்டவணையை மாற்றும் அனுமதி உங்களுக்கு இல்லை, மேற்பார்வையாளருக்கு உண்டு. அவர் கூட்டத்தில் இருக்கிறார், ஒரு மணி நேரத்தில் வெளியே வருவார்.

1. வருத்தம் தெரிவித்து, காலியாக உள்ள நேரத்தை அவருக்குப் பதிவு செய்து கொடுப்பது.
2. மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டு இன்றே இத்தனை மணிக்குத் திரும்ப அழைப்பதாகச் சொல்லிக் குறித்துக்கொள்வது.
3. நாளையே ஆள் வருவார் என்று உறுதி கொடுத்துவிட்டு, பிறகு மேற்பார்வையாளரிடம் சொல்லி ஏற்பாடு செய்யப் பார்ப்பது.
4. அவரை இணைப்பிலேயே காத்திருக்கச் சொல்லிவிட்டு, மேற்பார்வையாளரைக் கூட்டத்திலிருந்து உடனே அழைப்பது.

இந்த வேலையில் பல ஆண்டுகள் இருந்த 10 பேரிடம், ஒருவர் பதிலை மற்றவர் பார்க்காதபடி, இதைக் கொடுத்தோம் என்று கொள்ளுங்கள். 8 பேர் இரண்டாவதைச் சிறந்தது என்கிறார்கள், 2 பேர் நான்காவதை. மோசமானது எது என்பதில் 9 பேர் மூன்றாவதையும் ஒருவர் முதலாவதையும் காட்டுகிறார்கள். ஆக, விடைக்குறிப்பில் சிறந்தது 2, மோசமானது 3. மற்ற இரண்டும் இடைப்பட்டவை. இந்தக் கேள்வியையே கடைசி வரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் இரண்டு குறிகள் இருக்கின்றன. சிறந்தது என்று அவர் குறித்தது விடைக்குறிப்பிலும் சிறந்ததாக இருந்தால் +1. அதுவே விடைக்குறிப்பில் மோசமானதாக இருந்தால் −1. இடைப்பட்டதாக இருந்தால் 0. மோசமானது என்று அவர் குறித்ததற்கும் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: உண்மையில் மோசமானதைக் காட்டினால் +1, சிறந்ததைப் போய் மோசமானது என்றால் −1, இடைப்பட்டதென்றால் 0. இரண்டையும் கூட்டினால் ஒரு கேள்விக்கு −2 முதல் +2 வரை வரும்.

விரிதாளில் B நெடுவரிசையில் அவர் குறித்த சிறந்ததும், C நெடுவரிசையில் மோசமானதும் இருந்தால், மேலே உள்ள கேள்விக்கு இது போதும்:

```
=(B2=2)-(B2=3)+(C2=3)-(C2=2)
```

ஒரு எச்சரிக்கை. விடை எழுதாமல் விட்டவருக்கும் இந்தச் சூத்திரம் 0 கொடுக்கும். இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணைக் குறித்தவருக்கும் 0 தான். யோசித்து இடைப்பட்ட இரண்டைக் குறித்தவர் வாங்கும் 0-வும் இதுவும் ஒன்றல்ல. அந்த வரிசைகளைத் தனியாக வடிகட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டுத்தொகைக்குப் போக வேண்டும்.

நான்கு தெரிவுகள் இருந்தால் ஒருவர் 12 விதமாகக் குறிக்கலாம். அதில் ஒன்றே ஒன்று +2, ஒன்று −2, நான்கு +1, நான்கு −1, இரண்டு 0. கண்ணை மூடிக்கொண்டு குறித்துக்கொண்டே போனால் சராசரி 0-இல் வந்து நிற்கும். அதாவது இந்த முறையில் குருட்டாம்போக்கான ஊகத்துக்குப் பலன் இல்லை, தனியாக மதிப்பெண் கழிக்கும் விதி எதுவும் வேண்டியதில்லை. கணிசமான எண்ணிக்கையில் கேள்விகள் இருந்தும் ஒருவருடைய கூட்டுத்தொகை நன்றாகக் கீழிறங்கி எதிர்மறைக்குப் போனால், அவர் ஊகித்துக் குறிக்கவில்லை, விடைக்குறிப்புக்கு நேர் எதிராகவே நினைக்கிறார் என்று கொள்ளலாம். அல்லது சிறந்தது, மோசமானது என்ற இரண்டு கட்டங்களையும் மாற்றிக் குறித்திருக்கிறார். இரண்டாவது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் −2 வாங்கிய ஒரு விடைத்தாளைப் பார்த்தால், ஆளை ஒதுக்கும் முன் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இரண்டு பேர் +1 வாங்கியிருக்கிறார்கள். இருவரும் சமம்தானா?

கூட்டுத்தொகையில் சமம். வேலையில் சமம் இல்லை.

மேலே உள்ள கேள்விக்கு ஒருவர் சிறந்தது 2, மோசமானது 1 என்று குறிக்கிறார். +1 கூட்டல் 0. இன்னொருவர் சிறந்தது 4, மோசமானது 3 என்கிறார். 0 கூட்டல் +1. முதலாமவருக்கு நல்ல வழி தெரிகிறது. ஆனால் வாடிக்கையாளருக்கு 4 நாள் கழித்து நேரம் கொடுப்பதைவிட, கையில் இல்லாத உறுதியைக் கொடுப்பது மேல் என்று அவருக்குத் தோன்றுகிறது. இரண்டாமவர் கொஞ்சம் அவசரக்காரர், கூட்டத்தைக் கலைத்துவிடுவார், ஆனால் பொய்யான வாக்குறுதி ஆபத்து என்பது அவருக்குத் தெரிகிறது. இந்த வேலைக்கு எனக்கு இரண்டாமவரைப் பிடிக்கும். ஒரு மணி நேரக் கூட்டம் கலைந்தால் சங்கடம் அன்றோடு போகும். நாளை வராத ஆளுக்காக மூன்றாவது முறையும் காத்திருந்த வாடிக்கையாளரைத் திரும்பப் பெற முடியாது.

இதனால்தான் கூட்டுத்தொகையோடு, சிறந்ததற்கான மதிப்பெண்ணையும் மோசமானதற்கான மதிப்பெண்ணையும் எப்போதும் தனித்தனி நெடுவரிசையில் வைத்திருக்கச் சொல்கிறேன். ஒரே ஒரு கேள்வியை வைத்து நான் மேலே சொன்னதுபோல ஆளைப் படிக்கக் கூடாது, அது விளக்கத்துக்காகச் சொன்னது. ஆனால் 20 கேள்விகளிலும் சிறந்ததில் நல்ல மதிப்பெண்ணும் மோசமானதில் பூஜ்யத்தை ஒட்டியும் ஒருவர் வாங்கினால், நேர்காணலில் எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சிறந்ததை மட்டும் கேட்டால் போதாதா? மோசமானதை ஏன் கேட்க வேண்டும்?

ஒரு சாதாரணக் காரணம், அதே அளவு படிக்கும் நேரத்தில் இரண்டு தகவல் கிடைக்கிறது. முக்கியமான காரணம் வேறு. நல்ல வழி எது என்பதில் அனுபவசாலிகளே பல நேரம் பிரிவார்கள், ஏனென்றால் ஒரு சிக்கலைச் சரியாக முடிக்க இரண்டு வழிகள் இருக்கலாம். எதைச் செய்யவே கூடாது என்பதில் அவர்கள் அவ்வளவாகப் பிரிவதில்லை. மேலே 8-க்கு 2, 9-க்கு 1 என்று வந்ததும் அதே போக்குதான். ஆகவே விடைக்குறிப்பின் உறுதியான பாதி பெரும்பாலும் மோசமானதின் பக்கம்தான் இருக்கும்.

மோசமான பதிலை எல்லோருமே சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

அப்படியானால் அந்தப் பாதி எதையும் அளக்கவில்லை. எல்லோருக்கும் ஒரு மதிப்பெண்ணை இலவசமாகக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கேள்வி எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகளில் மிகவும் பரவலானது இதுதான் என்பேன்.

மேலே உள்ள கேள்வியில் மூன்றாவது தெரிவு "எனக்குத் தெரியாது என்று சொல்லி இணைப்பைத் துண்டிப்பது" என்று இருந்திருந்தால், வேலைக்கு வருகிற எவரும் அதை மோசமானது என்று குறிப்பார். நிஜத்தில் அப்படி இணைப்பைத் துண்டிப்பவர்கூடத் தேர்வில் அதைத்தான் குறிப்பார். அந்தத் தெரிவைப் படித்தால் நடத்தை தெரிவதில்லை, தேர்வு எழுதத் தெரிந்தவர் என்பது மட்டும்தான் தெரிகிறது.

நன்றாக எழுதப்பட்ட மோசமான பதில், செய்கிறவருக்கு நல்லதாகத் தோன்ற வேண்டும். கோபத்தில் இருப்பவரை அமைதிப்படுத்த வேண்டும் என்ற நல்ல மனதில்தான் "நாளையே ஆள் வருவார்" என்று ஒருவர் சொல்கிறார். அந்த நிமிடத்துக்கு அது வேலையும் செய்கிறது. கேடு மறுநாள்தான் வெளியே வருகிறது. இப்படிப்பட்ட தெரிவுகளை மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுத முடியாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் மூன்று மாதத்தில் நல்ல எண்ணத்தோடு செய்து மாட்டிக்கொண்ட காரியங்களை மேற்பார்வையாளர்களிடம் கேட்டு வாங்குங்கள். அதுவே உங்கள் மோசமான பதில்களின் களஞ்சியம்.

கண்டுபிடிப்பது எளிது. முன்னோட்டத்தில் தேர்வு எழுதுபவர்களில் 10-இல் 9 பேருக்கு மேல் ஒரே தெரிவை மோசமானது என்று குறித்தால் அந்தத் தெரிவை மாற்றி எழுதுங்கள். இது என் கைக்கணக்கு, விதி இல்லை.

விடைக்குறிப்பை எங்கள் மேலாளர் ஒருவரே எழுதினால் போதுமா?

போதாது. நானே இதில் சறுக்கியிருக்கிறேன். முன்பு ஒரு நிறுவனத்துக்காகக் கேள்விகள் தயாரித்தபோது, அவசரத்தில் ஒரே ஒரு மேலாளரின் விடையை அப்படியே விடைக்குறிப்பாக வைத்துக்கொண்டேன். பிறகு அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தோம். எல்லோராலும் மதிக்கப்பட்ட மூன்று மூத்த ஊழியர்கள் ஒரே கேள்வியில் −1 வாங்கினார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது மூவரும் ஒரே மாதிரி திருப்பிக் கேட்டார்கள்: "மேற்பார்வையாளர் அன்றைக்கு இருக்கிறாரா, இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே." மேலாளரின் மனதில் அவர் பக்கத்து அறையில் இருந்தார். ஊழியர்களின் அனுபவத்தில் அவர் பெரும்பாலும் இருப்பதில்லை. தவறு அந்த மூவரிடமும் இல்லை, கேள்வியில் இருந்தது. நல்லவேளையாக அது விண்ணப்பதாரர்களிடம் போவதற்கு முன் தெரிந்தது.

எடுத்துக்காட்டுக் கேள்வியில் அனுமதி யாருக்கு இருக்கிறது, மேற்பார்வையாளர் எப்போது கிடைப்பார் என்று இவ்வளவு விளக்கமாக எழுதியிருப்பது அதனால்தான். ஊழியரே அட்டவணையை மாற்றலாம் என்று இருக்கிற இடத்தில் இதே கேள்வியின் விடைக்குறிப்பு கவிழ்ந்துவிடும். அங்கே இரண்டாவது தெரிவு வேலையைத் தள்ளிப்போடுவதாகும்.

எட்டுப் பத்துப் பேராவது வேண்டும். வேலையை நேரில் செய்பவர்களும் அவர்களை மேற்பார்ப்பவர்களும் கலந்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனியாகக் குறித்த பிறகே எண்ணிக்கை எடுங்கள். அறையில் கூட்டி வைத்துக் கேட்டால் மூத்தவர் சொன்னதற்கு மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். எண்ணிக்கை எடுத்த பின் மாறுபட்டவர்களிடம் காரணம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நான்காவதைச் சிறந்தது என்ற அந்த 2 பேர், "இரண்டாவது முறையும் வரவில்லை என்றால் அது அவசரம்" என்று சொல்லக்கூடும். அது நியாயமான வாதம். அதனால் நான்காவது இடைப்பட்டதாக இருப்பது பொருத்தம், அதைச் சிறந்தது என்று குறித்தவருக்கு மதிப்பெண் கழிவதில்லை.

பத்துக்கு ஏழு பேராவது ஒரே பக்கம் வராத கேள்வியை நான் வைத்துக்கொள்வதில்லை. ஆறுக்கு நான்கு என்று பிரிந்தால், சூழ்நிலையில் ஏதோ ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதைச் சேர்த்து மறுபடி கொடுத்துப் பார்ப்பேன். அப்போதும் பிரிந்தால் கேள்வி குப்பைக்குத்தான்.

சூழ்நிலைகள் எங்கிருந்து கிடைக்கும்?

வேலை செய்பவர்களிடமிருந்துதான். உளவியலாளர் ஜான் ஃபிளானகன் 1954-இல் எழுதிவைத்த முக்கிய நிகழ்வு முறை இன்றும் கைகொடுக்கிறது. "கடந்த ஆறு மாதத்தில் யாராவது ஒரு விஷயத்தை மிக நன்றாகவோ மிக மோசமாகவோ கையாண்டதைப் பார்த்தீர்களா? அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று?" இந்த மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் விடை சூழ்நிலையாகிறது, இரண்டாவது தெரிவாகிறது, மூன்றாவது அது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுகிறது. பெயர்களையும் அடையாளங்களையும் எடுத்துவிட மறக்காதீர்கள்.

"நீங்கள் என்ன செய்வீர்கள்" என்று கேட்பதா, "எது சிறந்தது" என்று கேட்பதா?

வேலைக்கு ஆள் எடுக்கும்போது "எது சிறந்தது, எது மோசமானது" என்றே கேளுங்கள். இரண்டும் வெவ்வேறு விஷயத்தை அளக்கின்றன. மெக்டேனியலும் சக ஆய்வாளர்களும் 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், "எது சிறந்தது" வகை அறிவுத்திறனோடு கூடுதலாக ஒத்துப்போனது. "என்ன செய்வீர்கள்" வகை, பொறுப்புணர்வு, இணக்கம் போன்ற குணங்களோடு கூடுதலாக ஒத்துப்போனது. வேலையில் ஒருவர் எப்படிச் செயல்படுவார் என்று முன்னறிவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் வேலை வேண்டும் என்று வந்திருப்பவரிடம் "என்ன செய்வீர்கள்" என்று கேட்டால், நேர்மையானவர் தன் குறையை ஒப்புக்கொண்டு மதிப்பெண் இழக்கிறார், மற்றவர் எது சிறந்தது என்று யோசித்து அதையே குறிக்கிறார். நேர்மைக்குத் தண்டனை கொடுக்கும் கேள்வியை வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எது சிறந்தது என்று நேராகக் கேட்டுவிட்டால் எல்லோரும் ஒரே விளையாட்டை ஆடுகிறார்கள். இதில் ஒரு வரம்பு இருக்கிறது: சரியானது எது என்று தெரிந்தவர் அதைச் செய்வார் என்பதற்கு இந்தத் தேர்வு உறுதி தராது.

எதைத் தேர்ந்தாலும் கேள்வித்தாள் முழுவதும் ஒரே சொற்றொடர் இருக்கட்டும்.

பயிற்சி எடுத்துவிட்டு வந்து ஏமாற்ற முடியாதா?

ஓரளவு முடியும். "மேலதிகாரியிடம் சொல்வது எப்போதும் சரி", "மிக நீளமான பதிலே சிறந்தது" என்பன போன்ற குறுக்குவழிகளைச் சொல்லிக்கொடுப்பார்கள். அவற்றைத் தோற்கடிப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. நான்கு தெரிவுகளும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். மேலதிகாரியிடம் போவது சில கேள்வியில் சிறந்ததாகவும், சிலவற்றில் இடைப்பட்டதாகவும், ஊழியரே முடிக்க வேண்டிய சில்லறை விஷயத்தில் மோசமானதாகவும் வர வேண்டும். எங்கள் கேள்வியில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது மூன்றிலும் மேற்பார்வையாளர் வருகிறார், குறுக்குவழியோடு வருகிறவருக்கு அங்கே எதுவும் கிடைக்காது.

எத்தனை கேள்வி, எவ்வளவு நேரம்?

20 முதல் 30 கேள்விகள், கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று தொடங்கலாம். இது வேகத்தேர்வு இல்லை, முன்னோட்டத்தில் அநேகமாக எல்லோரும் முடிக்கும் அளவுக்கு நேரம் கொடுங்கள். தேர்வில் வாசிப்புச் சுமை அதிகம். வேலைக்குத் தேவையில்லாத கடின நடையில் எழுதினால் மொழித்திறனைத்தான் அளப்பீர்கள்.

எங்கள் புள்ளியியல் ஆள் "ஆல்ஃபா குறைவு, தேர்வு நம்பகமில்லை" என்கிறார். சரியா?

எண் சரியாக இருக்கலாம், முடிவு சரியில்லை. ஆல்ஃபா என்ற எண், கேள்விகளின் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுகிறது. சூழ்நிலைக் கேள்வி ஒன்றுக்குள்ளேயே நேர்மை, பொறுமை, விதியறிவு எல்லாம் கலந்திருக்கின்றன. அதனால் இத்தகைய தேர்வுகளில் ஆல்ஃபா குறைவாக வருவது இயல்பு. ஒரே குழுவுக்குச் சில வாரங்கள் கழித்து மறுபடி கொடுத்து, இரண்டு மதிப்பெண்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே நிராகரிக்கலாம்?

வேலையில் இருப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்க்காமல் எந்த எண்ணையும் சொல்ல முடியாது. 20 கேள்விகள் என்றால் மதிப்பெண் −40 முதல் +40 வரை போகும், ஆகவே பள்ளித் தேர்வுபோலப் பாதியைத் தேர்ச்சி எல்லையாக வைக்க இங்கே இடமில்லை. இப்போதைய ஊழியர்களின் மதிப்பெண்ணையும் மேற்பார்வையாளர்கள் அவர்களைப் பற்றி முன்பே பதிந்துவைத்த மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலையில் சரியாக நடந்துகொள்பவர்களில் அநேகமாக எல்லோரும் எந்த மதிப்பெண்ணுக்கு மேலே இருக்கிறார்களோ, அதற்குக் கொஞ்சம் கீழே கோட்டைப் போடுங்கள். ஒன்றிரண்டு மதிப்பெண் வேறுபாட்டை வைத்து யாரையும் வரிசைப்படுத்தாதீர்கள், மறுபடி எழுதினால் அந்த வரிசை மாறிவிடும்.

ஒருமுறை தயாரித்த விடைக்குறிப்பு எவ்வளவு காலம் செல்லும்?

வேலையின் விதி மாறும் வரை. அட்டவணையை மாற்றும் அனுமதி ஊழியர்களுக்கே வந்த அன்று, நாம் இவ்வளவு நேரம் பேசிய கேள்வி செல்லாது. அதனால் ஒவ்வொரு கேள்வியின் கீழேயும், விண்ணப்பதாரருக்குத் தெரியாத இடத்தில், அது எந்த விதியை நம்பி எழுதப்பட்டது, எத்தனை பேர் எந்தத் தெரிவைக் குறித்தார்கள், எந்தத் தேதியில் என்று எழுதிவையுங்கள். விதி மாறியதாக அறிவிப்பு வந்தால், அந்த விதியைத் தேடி, அதை நம்பியிருக்கும் கேள்விகளை மட்டும் எடுத்துப் புதிய பத்துப் பேரிடம் கொடுத்தால் போதும்.